ரீம், குயர், தாள்: பள்ளிக்குக் காகிதம் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே உள்ள ஒரு பள்ளியில், தேர்வுக்கான எழுதுபொருள்களை வாங்கும் பொறுப்பைச் சில ஆண்டுகள் நான் பார்த்துவந்தேன். பொறுப்பேற்ற முதல் ஆண்டின் காலாண்டுத் தேர்வில், கடைசி நாளான சமூக அறிவியல் தேர்வன்று, 75 மாணவர்களுக்கு விடைத்தாள் இல்லாமல் போயிற்று. முந்தைய நாள் மாலை கட்டுகளை அடுக்கிப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. இரவோடு இரவாக ஊர்க் கடைகளில் சில்லறை விலைக்குத் தாள் வாங்கி நிலைமையைச் சமாளித்தோம். எவரும் திருடவில்லை, எதுவும் வீணாகவுமில்லை. ‘ரீம்’ என்ற சொல்லுக்கு நான் ஒரு பொருளையும் கடைக்காரர் வேறொரு பொருளையும் கொண்டிருந்ததே காரணம்.

அலுவலகங்களிலும் நகலகங்களிலும் புழங்குகிறவர்களுக்கு ரீம் என்றால் 500 தாள். ரீமை இருபதாகப் பகுத்தால் கிடைக்கும் சிறு கட்டுக்குக் குயர் என்று பெயர். ஆகவே ஒரு குயரில் 25 தாள் இருக்க வேண்டும். இது இன்றைய வழக்கு. இதற்கு முன்பு இருந்த பழைய ஆங்கிலேய வழக்கில் குயர் என்பது 24 தாள், அதாவது இரண்டு டஜன். அதைப் போல இருபது மடங்கு கொண்ட ரீம் 480 தாள். இரண்டு வழக்கிலும் ‘இருபது குயர் ஒரு ரீம்’ என்ற வாய்பாடு மாறவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மாறாத அந்த வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டே இருவர் வெவ்வேறு எண்ணிக்கையை மனத்தில் வைத்திருக்க முடியும், பேச்சில் அது வெளிப்படவே வெளிப்படாது. குறை தெரிந்த பிறகு நான் தொலைபேசியில் கேட்டபோது கடைக்காரர் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது: “ரீமுன்னா இருபது குயருங்க சார், அதுல மாத்தமே இல்லீங்க. குயருக்கு எத்தன தாளுன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே?” அவர் சொன்னது முற்றிலும் சரி.

எந்தக் காகிதத்துக்கு எந்த எண்ணிக்கை என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஏ4 நகல் தாளை ஆலையே வெட்டி, உறையிட்டு, அட்டைப்பெட்டியில் அடைத்து அனுப்புகிறது. கரூர் மாவட்டம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் அரசு ஆலையின் கட்டானாலும், ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையத்தில் உள்ள ஆலையின் கட்டானாலும், உறையின் மேலேயே தாளின் அளவும் கனமும் 500 என்ற எண்ணிக்கையும் அச்சாகியிருக்கும். ஆகவே ஏ4 தாளில் இந்தக் குழப்பம் வருவதில்லை. தேர்வுக்கு வாங்கும் கோடு போட்ட தாள் அப்படிப்பட்டதல்ல. ஆலையிலிருந்து வந்த காகிதத்தை இன்னொருவர் வாங்கி, அளவாக வெட்டி, கோடு போட்டு, மடித்து, குயர் குயராக எண்ணிக் கட்டுகிறார். எண்ணுகிறவரின் கைப்பழக்கம் 24 என்றால் கட்டும் 24ஆகத்தான் இருக்கும். உறையாகச் சுற்றியிருக்கும் பழுப்புத் தாளில் பெரும்பாலும் எதுவும் எழுதியிருக்காது.

எங்கள் பள்ளியின் கணக்கு இது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை 375 மாணவர்கள்; ஐந்து பாடங்கள்; ஒரு மாணவர் ஒரு தேர்வுக்குச் சராசரியாக நான்கு முழுத்தாள் எழுதுகிறார். 375ஐ ஐந்தால் பெருக்கினால் 1875 விடைத்தாள் கட்டுகள்; அதை நான்கால் பெருக்கினால் 7500 தாள்கள். 500ஆல் வகுத்தால் மிகச் சரியாக 15 ரீம். மீதமில்லாமல் வகுபட்டதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. அப்படியே 15 ரீம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். வந்தவை 480 தாள் கொண்ட 15 ரீம்கள், அதாவது 7200 தாள்கள். குறை 300 தாள். தலைக்கு நான்கு வீதம் 75 மாணவர்கள். ஒரு ரீமில் இருபது தாள் குறைவு என்பது கையில் தூக்கிப் பார்த்தாலோ கண்ணால் பார்த்தாலோ தெரிகிற வித்தியாசமல்ல. பதினைந்து ரீம் சேரும்போதுதான் அது இரண்டு வகுப்பறை அளவுக்கு வளர்கிறது. இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்கள் என் கணக்கில் இன்னொரு பிழையையும் கண்டிருப்பார்கள்: கிழிந்ததற்கும், கூடுதலாகக் கேட்கிறவர்களுக்கும், மை கொட்டியதற்கும் நான் ஒரு தாள்கூட உபரி வைக்கவில்லை.

உபரியாக நூற்றுக்கு ஐந்து வைத்துக்கொண்டால் தேவை 7875 தாள். இதை முதலில் தாளாகவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ரீமாகவும் குயராகவும் மாற்றுவது கடைசி வேலை. 500 தாள் ரீம் என்றால் 15.75 வரும், மேலே முழுமையாக்கி 16 ரீம், அதாவது 8000 தாள். 480 தாள் ரீம் என்றால் 16.4 வரும், 17 ரீம், அதாவது 8160 தாள். குயர் கணக்கில் வாங்குவதானால் 25 தாள் குயரில் 315 போதும். 24 தாள் குயரில் 329 வேண்டும். கடைக்காரரிடம் குயருக்கு எத்தனை தாள் என்று கேட்காமல் 315 குயர் என்று எழுதி, வந்தவை 24 தாள் குயர்களாக இருந்தால் கையில் கிடைப்பது 7560 தாள். தேர்வு நடந்துவிடும், ஆனால் 375 தாளாக இருந்திருக்க வேண்டிய உபரி வெறும் 60ஆகச் சுருங்கியிருக்கும், அதை நீங்கள் அறியவும் மாட்டீர்கள்.

விலையையும் இதே போலத் தாளுக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு கடைகள் ஒரே ரீம் விலையைச் சொல்லி, ஒன்று 500 தாளும் மற்றது 480 தாளும் தந்தால், இரண்டாவது கடையின் தாள் நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேலாக விலை கூடியது.

அடுத்து வரும் குழப்பம் இதைவிடப் பெரியது: எதைத் தாள் என்கிறோம் என்பது. பள்ளிகளில் விடை எழுதத் தருவது பெரும்பாலும் நடுவில் மடித்த ஃபுல்ஸ்கேப் முழுத்தாள். மடித்தால் இரண்டு இலையாகி நான்கு பக்கம் கிடைக்கிறது. அதையே நடுவில் வெட்டிவிட்டால் லீகல் அளவு அரைத்தாள் இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம். ‘500 தாள்’ என்று இருவரும் ஒத்துக்கொண்ட பிறகும், நீங்கள் முழுத்தாளை நினைத்திருக்க, அவர் வெட்டிய அரைத்தாளை அனுப்பினால், எண்ணிக்கை சரியாக இருந்தும் காகிதம் பாதியாகிவிடும். ஆகவே கேட்கும்போது மடிப்புத் தாளா வெட்டுத் தாளா என்பதைச் சொல்லிவிட வேண்டும், அளவையும் செ.மீ. கணக்கில் எழுதிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. நாங்கள் வாங்கியது விரித்தால் 34.5 செ.மீ.க்கு 43 செ.மீ. வரும் தாள்.

இனி எடைக்கு வருவோம். காகிதத்தின் கனத்தை ஜிஎஸ்எம் என்று குறிக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் இருக்கும் என்பதுதான் அந்த எண். 60 ஜிஎஸ்எம் என்றால் சதுர மீட்டருக்கு 60 கிராம். ஆகவே தாளின் பரப்பு தெரிந்தால் அதன் எடை தெரியும், ஒரு தாளின் எடை தெரிந்தால் ரீமின் எடை தெரியும். காகிதக் கடைகளில் இதை ஒரே வரியில் போட்டுவிடுவார்கள்: நீளத்தையும் அகலத்தையும் செ.மீ.யில் எடுத்துக்கொண்டு பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, 20,000ஆல் வகுத்தால் 500 தாள் ரீமின் எடை கிலோவில் வந்துவிடும். 20,000 என்பது எங்கிருந்தோ வந்த எண்ணல்ல. சதுர செ.மீ.யைச் சதுர மீட்டராக்க 10,000ஆல் வகுக்கிறோம், கிராமைக் கிலோவாக்க 1000ஆல் வகுக்கிறோம், 500 தாளுக்காக 500ஆல் பெருக்குகிறோம். இவை மூன்றையும் சேர்த்துச் சுருக்கினால் 20,000ஆல் வகுப்பதாகிவிடுகிறது. அந்த 500 இந்த எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருப்பதால், 480 தாள் ரீமுக்கு வந்த விடையை 0.96ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் தாளுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 34.5ஐ 43ஆல் பெருக்கினால் 1483.5. அதை 60ஆல் பெருக்கினால் 89,010. 20,000ஆல் வகுத்தால் 4.45 கிலோ. இது 500 முழுத்தாள் கொண்ட ரீம். 480 தாள் ரீம் என்றால் 4.27 கிலோ. வெட்டிய அரைத்தாள் 500 என்றால் இரண்டே கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

இந்த மூன்று எண்களையும் குறித்து வைத்துக்கொண்டால் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்பே பாதிச் சோதனையை முடித்துவிடலாம். ஈரோட்டிலிருந்து பார்சல் லாரியில் அனுப்பினால் ரசீதில் எடை போட்டிருப்பார்கள். 16 ரீமுக்கு 71 கிலோவும் கட்டும் உறைக்கும் கயிற்றுக்கும் கொஞ்சமும் வர வேண்டும். ரசீதில் 37, 38 கிலோ என்று இருந்தால், கட்டைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை, வந்திருப்பது அரைத்தாள். பின்னாளில் ஒருமுறை இப்படி ரசீதைப் பார்த்த கணமே தொலைபேசியை எடுத்தேன்.

ஆனால் 480ஐ 500இலிருந்து பிரித்தறிய மொத்த எடை மட்டும் போதாது. 480 தாள் கொண்ட 60 ஜிஎஸ்எம் ரீம் 4.27 கிலோ என்று பார்த்தோம். 500 தாள் முழுமையாக இருந்து, காகிதம் மட்டும் சற்று மெல்லியதாக 58 ஜிஎஸ்எம் ஆக இருந்தால் அந்த ரீமின் எடை 4.30 கிலோ. இரண்டுக்கும் முப்பது கிராம்தான் வித்தியாசம். உறையின் எடையே அதை விழுங்கிவிடும். ஆகவே எடை குறைந்த ரீமைக் கையில் வைத்துக்கொண்டு ‘எண்ணிக்கை குறைகிறது’ என்று சொல்லிவிடக் கூடாது. மெல்லிய தாளாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். காகிதம் ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால், ஐப்பசி மழையில் திறந்துகிடந்த கட்டு சித்திரையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கனக்கவும் செய்யும்.

இதற்கு வழி எளிது. ஒரு கட்டைப் பிரித்து 100 தாளைக் கையால் எண்ணி, அதை மட்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும். சமையலறையில் பயன்படுத்தும் மின்னணுத் தராசு ஐந்து கிலோ வரை காட்டும், அதுவே போதும். பிறகு உறை நீக்கிய முழு ரீமை நிறுத்து, அந்த எடையை 100 தாளின் எடையால் வகுத்து, நூறால் பெருக்கினால் தாளின் எண்ணிக்கை வந்துவிடும். எங்களுக்கு 100 தாள் 890 கிராம் இருந்தது, ரீம் 4272 கிராம், வகுத்தால் 4.8, ஆகவே 480 தாள். மெல்லிய தாளாக இருந்திருந்தால் 100 தாளே 860 கிராம்தான் வந்திருக்கும், ரீம் 4302 கிராம் இருந்திருக்கும், வகுத்தால் சரியாக 5 வந்திருக்கும். மாதிரித் தாளும் ரீமும் ஒரே கட்டிலிருந்து, ஒரே நேரத்தில் நிறுக்கப்படுவதால் ஈரமும் கனமும் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். எண்ணிக்கையை மட்டுமே வகுத்தல் வெளியே கொண்டுவரும். பத்துத் தாளை மட்டும் எண்ணி நிறுத்தால் தராசின் ஒரு கிராம் பிழையே ரீமுக்கு ஐந்தாறு தாளாகப் பெருகிவிடும் என்பதால் 100க்குக் குறைய வேண்டாம். நிறுக்கத் தராசு இல்லையென்றால் நடுவிலிருந்து இரண்டு மூன்று குயர்களை உருவி எண்ணலாம். மடிப்புத் தாள் குயர் குயராகத் திருப்பித் திருப்பி வைக்கப்பட்டிருக்கும் என்பதால் பிரித்தெடுப்பது கடினமல்ல.

அட்டைப்பெட்டியின் எடைக்கும் அதே வாய்பாடுதான். வினாத்தாளைப் பள்ளியிலேயே அச்சிடுவதற்காக ஏ4 தாளும் வாங்குவோம். ஒரு வினாத்தாளுக்கு இரண்டு தாள் என்று வைத்தால் 1875க்கு 3750 தாள், அதாவது ஏழரை ரீம். இயந்திரத்தில் சிக்கிக் கசங்குவதையும் சேர்த்து எட்டு ரீம் ஆகும். பெட்டிக்குப் பத்து ரீம் வருவதும் உண்டு, ஐந்து ரீம் வருவதும் உண்டு. ஆகவே ‘ஒரு பெட்டி’ என்று எழுதுவதும் ‘ஒரு ரீம்’ என்று எழுதுவதைப் போலவே அரைகுறையானதுதான். ஏ4 தாள் 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ.; 75 ஜிஎஸ்எம் தாளானால் ரீம் 2.34 கிலோ. பத்து ரீம் பெட்டியில் காகிதம் மட்டும் 23.4 கிலோ, உறைகளையும் பெட்டியையும் சேர்த்தால் கைக்கு அது 25 கிலோ அரிசிச் சிப்பத்தை ஒட்டிய கனம். மாடிப்படி ஏறி அலுவலக அறைக்கு அதைத் தூக்கப்போவது ஓய்வுபெறும் வயதில் இருக்கும் உதவியாளர் என்றால், ஐந்து ரீம் பெட்டியாக இரண்டு கேட்டு வாங்குவது நல்லது.

பெட்டியின் எடையைக் கொண்டு கனம் சரியா என்றும் பார்க்கலாம். 70 ஜிஎஸ்எம் தாளில் பத்து ரீம் 21.8 கிலோதான் வரும். 75க்கும் அதற்கும் ஒன்றரைக் கிலோ வித்தியாசம். அதற்கு வெற்றுப் பெட்டியின் எடை தெரிந்திருக்க வேண்டும் என்பதால், முந்தைய பெட்டியை எறிவதற்கு முன் உறைகளோடு ஒருமுறை நிறுத்து எழுதிவைப்பது என் வழக்கம்.

குயர் என்ற சொல் பள்ளியில் இன்னோரிடத்திலும் வரும். ‘நாலு குயர் ரிஜிஸ்டர்’ என்று கேட்டு வாங்குகிறோம். அதன் பொருள், 24 தாள் கணக்கில் 96 முழுத்தாளை மடித்துத் தைத்தது என்பது. 192 இலை, 384 பக்கம். வரவு செலவுக்கும் இருப்புப் பதிவுக்கும் ஆண்டு முழுவதற்கும் எத்தனை பக்கம் தேவை என்று தெரிந்திருந்தால் இந்த வகுத்தல் உதவும். ஆனால் தைத்த ரிஜிஸ்டரில் குயர் என்பது வரவரப் பெயரளவுக்குத்தான் நிற்கிறது. பக்கங்கள் குறைந்த ரிஜிஸ்டர்களும் அதே பெயரில் விற்கின்றன. அட்டையின் உட்புறத்தில் அச்சிட்ட பக்க எண்ணிக்கையைப் பார்ப்பதே சரி, அதுவும் இல்லையென்றால் கடைசிப் பக்கத்தின் எண்ணைப் பார்க்கலாம்.

இப்போது நான் எழுதும் ஆர்டரில் ரீம் என்ற சொல் கடைசியில்தான் வருகிறது: “கோடு போட்ட ஃபுல்ஸ்கேப் மடிப்புத் தாள், விரித்த அளவு 34.5 × 43 செ.மீ., 60 ஜிஎஸ்எம், மொத்தம் 8000 முழுத்தாள். ரீமுக்கு 500 தாள் வீதம் 16 ரீம், ரீமின் எடை சுமார் 4.45 கிலோ.” இதைப் பார்த்ததும் அதே கடைக்காரர் திரும்ப அழைத்து, தன்னிடம் இருப்பது 24 தாள் குயர் என்றும், 17 ரீமாக அனுப்பினால் 8160 தாள் வரும் என்றும் தாமே சொன்னார். விலையைத் தாளுக்கு இறக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது, அனுப்பச் சொல்லிவிட்டேன்.